விலகி நிற்கும் ஓர் அளவு: தள்ளலாமா, வைக்கலாமா?



சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் பொட்டாசியம் குளோரேட் மூட்டைகள் வந்து இறங்குகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். தீக்குச்சியின் தலையில் இருக்கும் மருந்துக்கு ஆக்சிஜன் தருவது இந்த உப்புதான். கந்தகத்தோடு குளோரேட் கலந்த வெடிபொருளை இந்திய வெடிபொருள் விதிகள் தடைசெய்கின்றன. அந்தக் கலவை லேசான உராய்வுக்கே தீப்பற்றிவிடும். தீக்குச்சித் தலைக்கும் பொம்மைத் துப்பாக்கிக்கான கேப்புக்கும் அந்தத் தடையில் விலக்கு உண்டு. அதனால் பட்டாசு ஆலையில் இடமில்லாத இந்த உப்பு, பக்கத்துத் தெருவிலுள்ள தீப்பெட்டி ஆலையில் முதன்மையான மூலப்பொருளாக இருக்கிறது.

மூட்டைக்குப் பணம் கொடுக்கும் முன் அதன் தூய்மையைச் சோதிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் 99.5 சதவீதம் என்று எழுதியிருக்கிறது. ஆய்வகத்தில் இருப்பவர் நான்கு கூம்புக் குடுவைகளில் ஒரே சோதனையை நான்கு முறை செய்கிறார். பியூரெட்டில் கிடைத்த அளவுகள் 17.50, 17.55, 17.45, 17.80 மில்லி லிட்டர். முதல் மூன்றும் ஒட்டி நிற்கின்றன. நான்காவது தனியே நிற்கிறது. அதைத் தள்ளிவிட்டு மற்ற மூன்றின் சராசரியை எழுதலாமா என்பதுதான் இந்தச் சொற்பொழிவின் கேள்வி.

கேள்வி சிறியதாகத் தெரிந்தாலும் சரக்கின் தலையெழுத்து அதில் இருக்கிறது. அதைப் பார்க்க, அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1.250 கிராம் குளோரேட்டை நீரில் கரைத்து 500 மில்லி குடுவையில் குறி வரை நிரப்புகிறார்கள். அதிலிருந்து பிப்பெட்டால் 25 மில்லி எடுத்தால் 62.5 மில்லி கிராம் உப்பு குடுவைக்கு வருகிறது. அதனுடன் கந்தக அமிலமும், தேவைக்கு மேலாக அளந்த மோர் உப்புக் கரைசலும் சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள். மோர் உப்பிலுள்ள இரும்பு, குளோரேட்டைக் குளோரைடாக மாற்றிவிட்டுத் தான் பெர்ரிக் நிலைக்குப் போகிறது. ஒரு குளோரேட்டுக்கு ஆறு இரும்பு அயனிகள் செலவாகின்றன. செலவாகாமல் மிஞ்சிய இரும்பை, குடுவை ஆறிய பிறகு, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம் பார்க்கிறார்கள். இளஞ்சிவப்பு நிறம் நிலைத்து நிற்கும் துளியில் நிறுத்திவிட வேண்டும். குளோரேட் சேர்க்காத வெறும் மோர் உப்புக் குடுவை ஒன்றையும் இதேபோலத் தரம் பார்ப்பார்கள். ஆய்வகங்களில் அதைப் பிளாங்க் என்பார்கள். இந்த எடுத்துக்காட்டில் பிளாங்க் 48.00 மில்லி. பெர்மாங்கனேட்டின் செறிவு 0.1000 நார்மல்.

பிளாங்கிலிருந்து பியூரெட் அளவைக் கழித்தால் குளோரேட் எடுத்துக்கொண்ட பங்கு கிடைக்கும். ஆகவே பியூரெட் அளவு கூடினால் தூய்மை குறையும். இனி கணக்கு. 17.80-ஐ விட்டுவிட்டால் மற்ற மூன்றின் சராசரி 17.50. தூய்மை 99.67 சதவீதம். சரக்கு தேறிவிட்டது. நான்கையும் சேர்த்தால் சராசரி 17.575. தூய்மை 99.43 சதவீதம். சரக்கு தேறவில்லை. விற்பவருக்கு ஒரு விடையும் வாங்குபவருக்கு ஒரு விடையும் பிடிக்கும். ஆய்வகம் யாருக்கும் பிடித்ததை எழுதக் கூடாது என்றால், விடை தெரியும் முன்பே வகுத்து வைத்த ஒரு விதி வேண்டும்.

அளவுகளுக்கு நடுவே விலகி நிற்பதை எப்போது ஒதுக்கலாம் என்று அறிஞர்கள் நெடுங்காலம் யோசித்திருக்கிறார்கள். 1852-இல் பெஞ்சமின் பியர்ஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் வானியல் அளவீடுகளுக்காக ஒரு விதி வகுத்தார். ஆனால் அத்தகைய விதிகள் அளவீடுகள் நிறைய இருக்கும் இடத்துக்கே பொருந்தின. வேதியியல் மேசையில் கிடைப்பது மூன்று, நான்கு, மிஞ்சினால் ஐந்து. இந்தச் சிறு எண்ணிக்கைக்கென்றே 1951-இல் ராபர்ட் டீன் என்ற வேதியியலாளரும் வில்பிரிட் டிக்சன் என்ற புள்ளியியலாளரும் ‘அனலிட்டிகல் கெமிஸ்ட்ரி’ இதழில் ஒரு சுருக்கமான கட்டுரை எழுதினார்கள். கியூ சோதனை வேதியியலாளர்களின் கைக்கு வந்தது அந்தக் கட்டுரையால்தான். காகிதமும் பென்சிலும் போதும், வர்க்கமூலம் கூட எடுக்க வேண்டியதில்லை.

செய்முறை இதுதான். அளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்த வேண்டும்: 17.45, 17.50, 17.55, 17.80. சந்தேகத்துக்குரிய அளவுக்கும் அதன் பக்கத்து அளவுக்கும் உள்ள இடைவெளி 0.25. மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் உள்ள வீச்சு 0.35. இடைவெளியை வீச்சால் வகுத்தால் கியூ.

Q = 0.25 ÷ 0.35 = 0.714

இந்த எண்ணை அட்டவணையிலுள்ள எல்லையோடு ஒப்பிட வேண்டும். 90 சதவீத நம்பிக்கை அளவில் எல்லைகள் இப்படி: மூன்று அளவுகளுக்கு 0.941, நான்குக்கு 0.765, ஐந்துக்கு 0.642, ஆறுக்கு 0.560. கணக்கிட்ட கியூ எல்லையைத் தாண்டினால்தான் தள்ளலாம். நான்கு அளவுகளில் 0.714 என்பது 0.765-ஐத் தாண்டவில்லை. 17.80-ஐத் தள்ள முடியாது.

கண்ணுக்குத் தெளிவாகத் தனித்து நிற்கும் ஓர் எண்ணை இந்தச் சோதனை ஏன் காப்பாற்றுகிறது? மூன்று அளவுகள் நெருங்கி நிற்பதைப் பார்த்தவுடன், இந்தச் சோதனையின் இயல்பான சிதறல் 0.10 மில்லிதான் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. ஆனால் மூன்றே மூன்று அளவுகள் தற்செயலாகவும் நெருங்கி விழக்கூடும். உண்மையான சிதறல் இதைவிடப் பெரிதாக இருக்கலாம். நான்காவது அளவு அதைத்தான் காட்டுகிறதோ என்னவோ. நான்கு அளவுகளை வைத்துக்கொண்டு இந்த இரண்டில் எது உண்மை என்று சொல்ல முடியாது. அட்டவணை எல்லையை உயர்த்தி வைத்திருப்பதன் காரணம் இதுவே.

எல்லை எவ்வளவு உயரம் என்பதை வேறு விதமாகவும் பார்க்கலாம். நான்கு அளவுகளில் ஒன்றைத் தள்ள வேண்டுமானால், மற்ற மூன்றும் எவ்வளவு பரப்பில் சிதறியிருக்கின்றனவோ அதைப்போல ஏறக்குறைய மூன்றேகால் மடங்கு தூரம் அது விலகி நிற்க வேண்டும். இங்கே மற்ற மூன்றின் சிதறல் 0.10. ஆகவே நான்காவது 17.88-ஐ ஒட்டி இருந்திருந்தால்தான் வெளியே போயிருக்கும். மூன்று அளவுகளில் நிலைமை இன்னும் கடுமை. மற்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப்போல பதினாறு மடங்கு தூரம் வேண்டும். இரண்டு அளவுகள் 0.05 மில்லி வேறுபட்டால், மூன்றாவது 0.80 மில்லி விலகியிருக்க வேண்டும். அவ்வளவு விலகினால் சோதனை போடாமலே பிழை தெரிந்துவிடும். மூன்று அளவுகளை வைத்துக் கியூ சோதனை போடுவதில் பெரும்பாலும் பயன் இல்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

அப்படியானால் ஆய்வகத்தில் இருப்பவர் என்ன செய்வார்? முதலில் 17.80 வந்த குடுவையின் கதையைத் தேடுவார். திசை இங்கே உதவுகிறது. அளவு கூடியிருக்கிறது, அதாவது இரும்பு அதிகமாக மிஞ்சியிருக்கிறது அல்லது மிஞ்சியதாகத் தோன்றியிருக்கிறது. அதற்கு மூன்று சந்தேகங்கள் உண்டு. அந்தக் குடுவை போதிய நேரம் கொதிக்காமல் குளோரேட்டின் ஒரு பங்கு மாறாமல் நின்றிருக்கலாம். குளோரேட் பிப்பெட் குறிக்குச் சற்றுக் கீழே நின்றிருக்கலாம், கால் மில்லி குறைந்தாலே பியூரெட் அளவு 0.3 மில்லி கூடிவிடும். அல்லது பியூரெட்டின் முனையில் சிக்கியிருந்த காற்றுக் குமிழி தரம் பார்க்கும்போது வெளியேறி, குடுவைக்குள் போகாத கரைசலையும் அளவில் சேர்த்திருக்கலாம். நீண்ட நேரம் கொதிக்கவிட்டு இரும்பைக் காற்று ஆக்சிஜனேற்றம் செய்திருந்தால் அளவு குறைந்திருக்கும். அந்தச் சந்தேகம் இங்கே எழாது.

கதை குறிப்பேட்டில் இருந்தால், அதாவது “நான்காம் குடுவை: முனையில் குமிழி பார்க்கப்பட்டது” என்று தரம் பார்க்கும்போதே எழுதியிருந்தால், கியூ சோதனையே தேவையில்லை. காரணம் தெரிந்த பிழையைக் காரணத்தோடு ஒதுக்கலாம். அந்த அளவு மற்ற மூன்றோடு அழகாக ஒத்துப்போயிருந்தாலும் ஒதுக்கத்தான் வேண்டும். ஆனால் விலகலைப் பார்த்த பிறகு, “குமிழி இருந்திருக்கும்” என்று யூகித்து எழுதுவது காரணம் ஆகாது. முடிவுநிலை தெரியாமல் ஓட்டிப் பார்க்கும் முதல் தோராயத் தரம் பார்த்தலும் அப்படித்தான். அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று தொடங்கும் முன்பே தீர்மானித்திருப்பதால் அதை விடுவதில் தவறில்லை.

காரணம் எதுவும் கிடைக்கவில்லை என்றால் கரைசல் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஒரு மாதிரிக்கு 500 மில்லி தயாரித்ததில் நான்கு முறைக்கு 100 மில்லிதான் செலவானது. இன்னும் இரண்டு குடுவைகள் வைக்கலாம். எத்தனை என்பதை வைப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும், விரும்பிய விடை வரும்வரை வைத்துக்கொண்டே போகக் கூடாது. இரண்டு குடுவைகளும் 17.50, 17.55 என்று தருகின்றன என்று கொண்டால் வரிசை இப்படி ஆகிறது: 17.45, 17.50, 17.50, 17.55, 17.55, 17.80.

இடைவெளி அதே 0.25. வீச்சு அதே 0.35. கியூவும் அதே 0.714. ஆனால் ஆறு அளவுகளுக்கான எல்லை 0.560. கியூ அதைத் தாண்டிவிட்டது. 95 சதவீத அளவின் எல்லையான 0.625-ஐயும் தாண்டிவிட்டது. இப்போது 17.80-ஐத் தள்ளலாம். ஓர் எண்கூட மாறாமல் தீர்ப்பு மாறியது எதனால்? இயல்பான சிதறல் 0.10-தான் என்பதற்கு முன்பு மூன்று சாட்சிகள் இருந்தன, இப்போது ஐந்து சாட்சிகள். மீதி ஐந்தின் சராசரி 17.51, தூய்மை 99.64 சதவீதம். சரக்கு தேறுகிறது. நான்கு குடுவைகளோடு நிறுத்தி ஒன்றைத் தள்ளியிருந்தாலும் சரக்கு தேறியிருக்கும், ஆனால் அந்த முடிவுக்கு அப்போது ஆதாரம் இல்லை.

கூடுதல் குடுவைகளுக்கு வழி இல்லாத நேரமும் வரும். மாதிரி தீர்ந்திருக்கும், அல்லது அனுப்பியவர் சிறு பொட்டலம்தான் கொடுத்திருப்பார். அப்போதைக்கு டீனும் டிக்சனும் காட்டும் வழி இடைநிலை அளவு. நான்கு எண்களின் நடு இரண்டான 17.50, 17.55 ஆகியவற்றின் நடுப்புள்ளி 17.525. எதையும் தள்ளாமலே, விலகிய எண்ணின் இழுப்பு இதில் குறைந்துவிடுகிறது. தூய்மை 99.59 சதவீதம் வருகிறது. ஆனால் அறிக்கையில் இது சராசரி அல்ல, இடைநிலை அளவு என்று எழுத வேண்டும். அந்த ஆய்வகம் எப்போதும் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது என்பதும் முன்பே எழுதி வைத்த நடைமுறையாக இருக்க வேண்டும்.

இந்தச் சோதனையை நம்பக் கூடாத இடங்களும் உண்டு. முதலாவது பியூரெட்டின் கோடு. 50 மில்லி பியூரெட்டில் 0.1 மில்லிக்கு ஒரு கோடு இருக்கும், இடையே கண்ணால் மதிப்பிட்டு 0.05 வரை படிப்பார்கள். பெர்மாங்கனேட் கருஞ்சிவப்பாக இருப்பதால் வளைவின் அடி தெரியாது, மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. மூன்று முறை பார்த்து 17.50, 17.50, 17.60 வந்தது என்று கொள்ளலாம். இடைவெளி 0.10, வீச்சு 0.10, கியூ 1.00. எல்லா எல்லைகளையும் அது தாண்டிவிடுகிறது. சோதனையை அப்படியே நம்பினால், பியூரெட்டின் ஒரே ஒரு கோடு வேறுபட்டதற்காக ஒரு நல்ல அளவைத் தள்ள வேண்டிவரும். முதல் இரண்டும் உண்மையில் 17.48, 17.52 ஆக இருந்து, இரண்டும் 17.50 என்று படிக்கப்பட்டிருக்கலாம். இரண்டு எண்கள் ஒன்றாக இருப்பது இங்கே அளவீட்டின் துல்லியத்தைக் காட்டவில்லை, கருவியின் கரடுமுரடைக் காட்டுகிறது. படிக்கக்கூடிய மிகச் சிறு வேறுபாட்டை ஒட்டி இடைவெளி இருந்தால் கியூ சோதனையைப் போடக் கூடாது.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் அடிக்கடி இதில் மாட்டுகிறார்கள். இரண்டு ஒத்த அளவுகள் வந்தவுடன் அதை எழுதி முடித்துவிடும் பழக்கம் பள்ளியில் வருகிறது. பழக நேரம் குறைவான இடத்துக்கு அது போதும். ஆனால் அது புள்ளியியல் விதி அல்ல, ஒத்துப்போகாததைக் காரணம் சொல்லாமல் விட்டுவிடும் வழி. தொழிற்சாலை ஆய்வகத்துக்குப் போகும் மாணவர் அந்தப் பழக்கத்தையும் உடன் கொண்டுபோனால், முதல் நாளிலேயே சரக்குகள் தவறாகத் தேறத் தொடங்கும்.

இரண்டாவது, இரண்டு அளவுகள் சேர்ந்து விலகும் நிலை. 17.45, 17.50, 17.80, 17.85 என்று வந்தால் கியூ வெறும் 0.125. எதையும் தள்ள முடியாது. ஆனால் வரிசையைப் பார்க்கும் எவருக்கும் இரண்டு கூட்டம் தெரியும். முதல் இரண்டு குடுவைகளும் ஓர் அடுப்பில் நன்றாகக் கொதித்து, அடுத்த இரண்டும் வேறோர் அடுப்பில் அரைகுறையாகக் கொதித்திருக்கலாம். கியூ ஒரே ஒரு விலகலைத் தேடுவதற்காகச் செய்யப்பட்டது. ஒன்றைத் தள்ளிய பிறகு மீதியின் மீது அதை மறுபடி ஓட்டி இன்னொன்றைத் தள்ளுவதும் கூடாது. அப்படிச் செய்துகொண்டே போனால் ஒவ்வொரு தள்ளலும் வீச்சைச் சுருக்கும், அடுத்த எண் தானே விலகியதாகத் தோன்றும்.

மூன்றாவது, 90 சதவீதம் என்ற சொல்லின் பொருள். எந்தப் பிழையும் நடக்காத தொகுதிகளில்கூட, பத்தில் ஒன்றில் இந்தச் சோதனை ஒரு நல்ல அளவைத் தள்ளச் சொல்லும். ஒரு நாளில் இருபது மாதிரிகள் பார்க்கும் ஆய்வகம் எல்லாவற்றுக்கும் இதை ஓட்டினால், சராசரியாக இரண்டு மாதிரிகளில் காரணமின்றி ஓர் அளவு போய்விடும். அதனால் பல ஆய்வகங்கள் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன. டேவிட் ரோராபேக்கர் 1991-இல் மறுபடி கணக்கிட்ட எல்லை அட்டவணை இப்போது பாடநூல்களில் பரவலாக இருக்கிறது. இங்கே சொன்ன எல்லைகளும் அதிலுள்ளவையே. பல ஆய்வகங்களின் முடிவுகளை ஒப்பிடும் பணிக்கு ஐஎஸ்ஓ 5725 தரநிலை, கியூவை விட்டு, கிரப்ஸ் சோதனையை எடுத்துக்கொண்டது. அது சராசரியையும் திட்டவிலக்கத்தையும் பயன்படுத்துகிறது. நான்கு, ஐந்து அளவுகளை மேசையிலேயே தீர்க்கக் கியூ இன்றும் எளிது.

நான்காவது இந்த மண்ணுக்கே உரியது. கியூவால் பார்க்கவே முடியாத பிழை, எல்லாக் குடுவைகளையும் ஒன்றாக இழுக்கும் பிழை. விருதுநகர் மாவட்டத்தின் கோடையில் காலை 27 டிகிரியாக இருந்த ஆய்வகம் பிற்பகலில் 37 டிகிரிக்குப் போவது புதிதல்ல. இந்திய அளவுக் கண்ணாடிக் கருவிகள் பலவும் 27 டிகிரிக்கே அளவு குறிக்கப்பட்டவை. அந்தப் பத்து டிகிரியில் நீர்க் கரைசல் ஏறக்குறைய 0.3 சதவீதம் விரிகிறது. காலையில் செறிவு கண்டுபிடித்த பெர்மாங்கனேட்டை, பிற்பகலில் கரைத்த மாதிரிக்குப் பயன்படுத்தினால், ஒவ்வொரு குடுவையும் 0.3 சதவீதம் கூடுதல் தூய்மை காட்டும். நான்கும் அழகாக ஒத்துப்போகும். 99.3 சதவீதச் சரக்கு 99.6 என்று தேறிவிடும். இதைக் கண்டுபிடிக்க வேறு வேலை வேண்டும்: செறிவு கண்ட அதே நேரத்தில் மாதிரியையும் பார்ப்பது, தூய்மை தெரிந்த குளோரேட் ஒன்றைத் தினமும் கூடவே ஓட்டுவது, ஆய்வகத்தின் வெப்பநிலையைக் குறிப்பேட்டில் எழுதுவது.

இந்த வட்டாரத்தில் ஆய்வக எண்களின் எடை இப்போது முன்னைவிடக் கூடியிருக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்தத் தடை விதித்து, பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. அதன் பின் நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் சிவகாசியில் மூலப்பொருள்களின் சேர்க்கையைச் சோதிக்கும் வசதியை ஏற்படுத்தியது. பேரியத்தைக் கண்டுபிடிப்பது கருவிகளின் வேலை, பியூரெட்டின் வேலை அல்ல. ஆனால் அங்கும் ஒரு மாதிரியைப் பல முறை பார்க்கிறார்கள், அங்கும் ஓர் எண் விலகும். அந்த எண்ணைத் தள்ளுவதா வைப்பதா என்று கேட்பது இப்போது வாங்குபவரும் விற்பவரும் மட்டுமல்ல.

ஆகவே குளோரேட் மூட்டையின் அறிக்கை இப்படி இருக்க வேண்டும். ஆறு அளவுகளும் கிடைத்த வரிசையிலேயே இருக்கும், 17.80 உட்பட. முதல் நான்குக்குப் பின் கியூ 0.714, எல்லை 0.765, தள்ளவில்லை என்று ஒரு வரி. இரண்டு குடுவைகள் கூடுதலாக வைக்கப்பட்டன என்று ஒரு வரி. ஆறு அளவுகளில் 90 சதவீத எல்லை 0.560, 17.80 தள்ளப்பட்டது, காரணம் கண்டறியப்படவில்லை என்று ஒரு வரி. கடைசியில் இரண்டு விடைகள் அருகருகே: தள்ளிய பின் 99.64 சதவீதம், தள்ளாமல் 99.48 சதவீதம். ஒப்பந்த எல்லை 99.5 இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது என்பதைப் படிப்பவர் பார்த்துக்கொள்ளலாம். வேண்டுமென்றால் புதிய மாதிரி எடுத்து மறுபடி சோதிக்கச் சொல்லவும் அவருக்கு வழி திறந்திருக்கும்.